தீ ஒத்திகை நாளில் பள்ளி வாசலுக்கு ஓடி வரலாமா? முதல்வரின் கடிதம் பற்றிப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

வரும் வெள்ளிக்கிழமை காலை நடக்கவிருக்கும் தீ ஒத்திகை பற்றி முதல்வர் எழுதிய கடிதம் வீடுகளுக்குப் போனதிலிருந்து, ஃபீஸ் கவுண்டரிலும் வேன் நிற்கும் இடத்திலும் ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளையும், பள்ளிப் பாதுகாப்புக் குழுவின் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறோம்.

1. ஃபயர் டிரில்னா என்ன செய்வீங்க? நெருப்பு எதுவும் வைப்பீங்களா?

வகுப்பறைப் பக்கம் நெருப்பும் கிடையாது, புகையும் கிடையாது. காலை 10.40-க்கு மணி விடாமல் ஒரு நிமிடம் அடிக்கும். பீரியட் மணி விட்டுவிட்டு அடிக்கும் என்பதால் பிள்ளைகளுக்கு வித்தியாசம் தெரியும். உண்மையான விபத்தில் கரண்ட் போய்விடும் என்பதால் ஒவ்வொரு தளத்திலும் ஒரு கைமணியும் இருக்கிறது, அன்று அதையும் அடித்துப் பார்ப்போம். பிள்ளைகள் புத்தகப் பையையும் டிபன் பையையும் அப்படியே விட்டுவிட்டு வரிசையாக எழுந்து, தங்கள் வகுப்புக்கென்று குறித்த படிக்கட்டு வழியாக இறங்கிப் பின்பக்க மைதானத்துக்குப் போவார்கள். ஆசிரியர் வருகைப் பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கடைசியாக வந்து கதவைச் சாத்துவார், பூட்ட மாட்டார். சாத்திய கதவு புகை பரவுவதைத் தாமதப்படுத்தும். பூட்டிவிட்டால் உள்ளே தேடப் போகிறவர்கள் வாசலிலேயே நிற்க வேண்டியதாகிவிடும்.

மைதானத்தில் தலை எண்ணி முடித்த பிறகு, தீயணைப்பு வீரர்கள் ஒரு தகரத் தட்டில் சிறிதாகத் தீ மூட்டி, தீயணைப்பானை எப்படிப் பிடிப்பது என்று காட்டுவார்கள். அதைப் பார்ப்பது ஆறாம் வகுப்புக்கு மேல் உள்ளவர்கள் மட்டும். அவர்களும் காற்று வரும் திசையில், கயிற்றுக்கு இப்பால்தான் உட்காருவார்கள்.

2. கடிதத்தை இன்னும் படிக்கலை. சுருக்கமா என்ன சொல்லியிருக்கார்?

மூன்று விஷயங்கள். ஒத்திகை எந்த நாள், எத்தனை மணிக்கு என்பது முதலாவது. அன்று மணிச் சத்தம் கேட்டாலும், பிள்ளைகள் வெளியே நிற்பதாக யாராவது போன் செய்தாலும், பள்ளிக்கு வர வேண்டாம் என்பது இரண்டாவது. கடிதத்தின் அடியில் இருக்கும் சீட்டைப் பூர்த்தி செய்து புதன்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுக்க வேண்டும் என்பது மூன்றாவது. அவசர காலத்தில் உங்கள் பிள்ளையை யாரிடம் ஒப்படைக்கலாம் என்று அதிகபட்சம் மூன்று பேரின் பெயர், உறவு, போன் நம்பர் எழுதும் சீட்டு அது. பலர் கடிதத்தைப் படித்துவிட்டுச் சீட்டை மட்டும் பையிலேயே விட்டுவிடுகிறார்கள். உண்மையான ஆபத்து வரும் நாளில் கைகொடுக்கப் போவது அந்தச் சீட்டுதான்.

3. பிள்ளை பயந்துக்கும். அன்னைக்கு லீவு போட்டுரலாமா?

வேண்டாம். பழகாத பிள்ளைதான் உண்மையான மணி அடிக்கும்போது பெஞ்சுக்கு அடியில் ஒளியும், அல்லது பையை எடுக்கத் திரும்பி ஓடும். முதல் நாள் ராத்திரி இரண்டே விஷயம் சொல்லி அனுப்புங்கள்: "நாளைக்கு நீளமா மணி அடிக்கும், டீச்சர் பின்னாடியே போகணும். அம்மாவும் அப்பாவும் அன்னைக்கு வர மாட்டோம், சாயங்காலம் வழக்கம்போலத்தான் வருவோம்." இரண்டாவதைச் சொல்லாமல் விட்டால் சின்னப் பிள்ளைகள் வரிசையில் நின்றபடியே கேட்டைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

4. எங்க பிள்ளை உள்ள இருக்கும்போது நாங்க ஏன் வரக் கூடாது? உதவிக்குத்தானே வர்றோம்?

வடக்கு மாசி வீதியிலிருந்து நம் பள்ளிக்குத் திரும்பும் சந்து எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். சுமார் ஐந்து மீட்டர் அகலம். ஒரு பைக்கைக் குறுக்காக நிறுத்தினால் கிட்டத்தட்ட இரண்டு மீட்டர் போய்விடும். இரண்டு பக்கமும் நிறுத்தினால் நடுவில் மிஞ்சுவது ஒரு மீட்டர். தீயணைப்பு வண்டி மட்டுமே சுமார் இரண்டரை மீட்டர் அகலம். பக்கவாட்டுக் கதவுகளைத் திறந்து ஹோஸை உருவ அதற்கு மேலும் இடம் வேண்டும். பத்துப் பெற்றோர் ஆளுக்கொரு பைக்கை நிறுத்திவிட்டு உள்ளே ஓடினால் போதும், வண்டி மாசி வீதியிலேயே நின்றுவிடும். அப்புறம் வீரர்கள் ஹோஸைத் தோளில் சுமந்துகொண்டு ஓடிவர வேண்டும். பைக்கை நகர்த்தச் சொல்லலாம் என்றால் சாவி உங்கள் பையில் இருக்கும், நீங்கள் மைதானத்தில் இருப்பீர்கள்.

அடுத்தது படிக்கட்டு. நம் படிக்கட்டில் பிள்ளைகள் இரண்டு வரிசையாக, ஒரு வரிசை கைப்பிடியைப் பிடித்தும் இன்னொரு வரிசை சுவரை ஒட்டியும் இறங்குவார்கள். எதிரே ஒரு பெரியவர் ஏறி வந்தால் ஒரு வரிசை அப்படியே நின்றுவிடும். ஆனால் மேலே இருக்கும் பிள்ளைகளுக்குக் கீழே என்ன நடக்கிறதென்று தெரியாது, அவர்கள் இறங்கிக்கொண்டேதான் இருப்பார்கள். படிக்கட்டு திரும்பும் இடத்தில் நெரிசல் உண்டாவது இப்படித்தான். அங்கே ஒரு பிள்ளை விழுந்தால் அதன் மேல் அடுத்தது விழும்.

மூன்றாவது காரணம் தலைக் கணக்கு. அதைத் தனிக் கேள்வியாகவே பலர் கேட்டிருக்கிறார்கள்.

5. நான் என் ஒரு பிள்ளையைக் கூட்டிட்டுப் போறதால கணக்கு எப்படிக் கெடும்?

ஒரு வகுப்பை எடுத்துக்கொள்வோம். ஐந்தாம் வகுப்பு 'ஆ' பிரிவில் பதிவேட்டில் 41 பேர், அன்று லீவு 3 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மைதானத்தில் 38 பேர் இருக்க வேண்டும். எல்லாரும் ஒழுங்காக இறங்கி வந்துவிட்டார்கள். ஆசிரியர் எண்ணத் தொடங்குவதற்குள் ஒரு அப்பா பக்கத்து கேட் வழியாக வந்து, தன் மகனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுகிறார். கூட்டத்தில் அதை யாரும் கவனிக்கவில்லை. ஆசிரியர் எண்ணினால் 37. திரும்ப எண்ணினாலும் 37. அவர் சிவப்பு அட்டையைத் தூக்கிப் பிடிக்கிறார். முழுக் கணக்கும் சரியாக இருந்தால் பச்சை அட்டை. பெயர் கூப்பிட்டதில் 17-ஆம் எண் இல்லை. கழிப்பறைப் பக்கம் பார்த்துவிட்டு வந்த ஆயாம்மாவும் அங்கே யாரும் இல்லை என்கிறார்.

இப்போது முதல்வர் தீயணைப்பு அதிகாரியிடம் ஒன்றைத்தான் சொல்ல முடியும்: "ஒரு பிள்ளை உள்ளே இருக்கிறது, முதல் மாடி, கிழக்குக் கோடி அறை." இரண்டு வீரர்கள் முகமூடியும் முதுகில் காற்று உருளையும் மாட்டிக்கொண்டு புகைக்குள் போவார்கள். கண் தெரியாத இடத்தில் சுவரைத் தடவியபடி பெஞ்சுகளுக்கு அடியிலெல்லாம் தேடுவார்கள். உருளையில் இருப்பது அளவான காற்று. அதே நேரத்தில் அந்தப் பையன் அப்பாவோடு ஏ.வி. பாலம் தாண்டி கோரிப்பாளையம் சிக்னலில் நிற்கிறான். பைக்கில் போகிறவருக்கு போன் அடிப்பது கேட்காது.

இன்னொரு வகுப்பில் உண்மையிலேயே ஒரு பிள்ளை உள்ளே மாட்டியிருந்தால், அதைத் தேட வேண்டிய வீரர்கள் இங்கே இல்லாத பிள்ளையைத் தேடிக்கொண்டிருப்பார்கள். கடிதத்தில் முதல்வர் அடிக்கோடிட்ட ஒரே வரி இதைப் பற்றியதுதான்: "கையெழுத்துப் போடாமல் கூட்டிப்போன பிள்ளை, எங்கள் கணக்கில் கட்டடத்துக்குள் இருக்கும் பிள்ளை."

6. சரி, நிஜமாவே தீ பிடிச்சா? அப்பவும் வீட்லயே உட்காரணுமா?

அப்போது வரலாம், ஆனால் வர வேண்டிய இடம் வேறு. பின்பக்க கேட் இருக்கும் பெரிய ரோட்டில், பள்ளிக்கு எதிர்ச்சாரியில் உள்ள கல்யாண மண்டப வாசல்தான் பெற்றோர் நிற்க வேண்டிய இடம். வண்டியை மாசி வீதியிலோ அதற்கும் முன்னாலோ நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். தரையில் ஹோஸ் கிடந்தால் அதன் மேல் வண்டியை ஏற்றாதீர்கள்; ஏற்றினால் ஹோஸ் கிழியலாம், தண்ணீரும் தடைபடும்.

எல்லா வகுப்பும் பச்சை அட்டை காட்டிய பிறகே ஒப்படைப்பு ஆரம்பிக்கும். மண்டப வாசலில் வகுப்புவாரியாக மேசை போட்டிருப்பார்கள். நீங்கள் பெயர் சொல்ல வேண்டும், உங்கள் அடையாள அட்டையைச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பிறகு ஒரு ஆசிரியர் மைதானத்திலிருந்து பிள்ளையை அழைத்து வருவார். நீங்கள் நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டதும் பதிவேட்டில் அந்தப் பெயருக்கு நேராகக் குறிப்பு ஏறும். நீங்கள் மைதானத்துக்குப் போவதில்லை, பிள்ளைதான் உங்களிடம் வரும். பிள்ளை கண்ணுக்குத் தெரிந்தும் கால் மணி நேரம் காத்திருப்பது கொடுமைதான், மறுக்கவில்லை. ஆனால் 5-ஆம் கேள்வியில் சொன்ன குழப்பத்தைத் தவிர்க்க எங்களுக்குத் தெரிந்த வழி இது ஒன்றுதான்.

7. அப்பத்தா வந்தா விடுவீங்களா? வேன் அண்ணன் வந்தா?

சீட்டில் பெயர் இருந்தால் யார் வந்தாலும் அனுப்புவோம். அப்பத்தாவிடம் ஆதார் அட்டை கையில் இல்லையென்றால், சீட்டில் இருக்கும் உங்கள் நம்பருக்குப் போன் போட்டுப் பேசிவிட்டு அனுப்புவோம். ஆகவே நம்பர் மாறியிருந்தால் சொல்லிவிடுங்கள். வேன், ஆட்டோ ஓட்டுபவர்கள் தினமும் கூட்டிப்போகிறவர்களே ஆனாலும், அவசர நாளில் சீட்டில் பெயர் இல்லாமல் ஒப்படைக்க முடியாது. இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீடுகளில் மூன்று பெயரில் ஒன்றாவது பள்ளிக்கு நடந்து வரும் தூரத்தில் இருப்பவராக இருக்கட்டும்.

அண்ணன் எட்டாவது, தங்கச்சி இரண்டாவது என்றால், அண்ணன் போய்த் தங்கச்சியைக் கூட்டிவரக் கூடாது. அவரவர் வகுப்பு வரிசையில்தான் நிற்க வேண்டும். மேசைக்கு வந்த பிறகு இருவரையும் சேர்த்தே ஒப்படைப்போம். இதை அண்ணன்மாருக்கு வீட்டில் சொல்லி வைப்பது நல்லது. பள்ளியில் நாங்கள் சொன்னாலும், "தங்கச்சியைப் பாத்துக்க" என்று வீட்டில் சொன்னதுதான் அவன் மனதில் நிற்கும்.

8. டீச்சருக்குப் போன் போட்டா எடுப்பாங்களா?

எடுக்க மாட்டார்கள். ஒரு கையில் பதிவேடு இருக்கும், இன்னொரு கையில் அட்டை இருக்கும். நாற்பது பெற்றோர் ஒரே நேரத்தில் அழைத்தால், மாடியிலிருந்து அவருக்கு வர வேண்டிய ஒரு அழைப்பு வராமல் போகும். ஒத்திகை நாளில் வகுப்பு வாட்ஸப் குழுக்களில் அட்மின் மட்டுமே எழுத முடியும். 10.40-க்கு "ஒத்திகை தொடங்கியது" என்றும், முடிந்ததும் "ஒத்திகை முடிந்தது, பிள்ளைகள் வகுப்புக்குத் திரும்பிவிட்டார்கள்" என்றும் இரண்டு செய்தி வரும். உண்மையான விபத்தென்றால் செய்தியின் முதல் வார்த்தை "உண்மை" என்றே இருக்கும். இந்தக் குழுவில் வராத எந்தக் குரல் பதிவையும் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். ஒரு சித்தப்பாவுக்கு அனுப்பியது அரை மணி நேரத்தில் திருமங்கலம் வரை போய், அங்கிருந்து ஆள் கிளம்பி வருவது இப்படித்தான்.

தீயணைப்பு நிலையத்துக்கும் காவல் நிலையத்துக்கும் அக்கம்பக்கத்துக் கடைகளுக்கும் முன்கூட்டியே தகவல் சொல்லியாகிவிட்டது. ஒத்திகை நேரத்தில் 101-க்கோ 112-க்கோ நீங்கள் கூப்பிட வேண்டியதில்லை.

9. ஃபீஸ் கட்ட வந்திருக்கேன், அந்த நேரம் பார்த்து மணி அடிச்சிருச்சு. அப்ப என்ன செய்ய?

அலுவலகத்தில் இருப்பவர்களோடு சேர்ந்து அவர்கள் போகும் வழியிலேயே வெளியே போங்கள். நீங்கள் உள்ளே வரும்போது பார்வையாளர் நோட்டில் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். அந்த நோட்டும் மைதானத்துக்கு வரும், உங்களையும் எண்ணுவோம். பிள்ளையின் வகுப்புக்கு மாடியேறிப் போகாதீர்கள். காரணம் 4-ஆம் பதிலில் இருக்கிறது.

10. என் மகனால வேகமா நடக்க முடியாது. அவனை யார் தூக்குவா?

நடக்கச் சிரமப்படும் பிள்ளைகளின் வகுப்பு தரைத் தளத்தில்தான் இருக்கும். ஆண்டு நடுவில் கால் முறிந்து கட்டுப்போட்டு வந்தாலும் அந்த வகுப்பைக் கீழே மாற்றுவோம். அப்படி ஒவ்வொரு பிள்ளைக்கும் பெரியவர்கள் இருவர் பெயர் குறித்து வைத்திருக்கிறோம். இருவர் ஏனென்றால் ஒருவர் லீவில் இருக்கலாம். கூடப் படிக்கும் பிள்ளைகளிடம் இந்தப் பொறுப்பைக் கொடுப்பதில்லை.

காது கேட்காத பிள்ளைக்குத் தோளில் இரண்டு முறை தட்டுவது அடையாளம். ஆஸ்துமா இருந்தால் இன்ஹேலர் பையில் இருக்கக் கூடாது, சட்டைப் பையிலோ ஆசிரியரிடமோ இருக்க வேண்டும்; பை வகுப்பிலேயே கிடக்கும் என்பதை மறந்துவிடாதீர்கள். பெரிய சத்தம் கேட்டால் வலிப்போ பதற்றமோ வரும் பிள்ளை என்றால் வியாழக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள். மணி அடிப்பதற்கு முன்பே ஆயாம்மா வந்து அழைத்துப் போய்விடுவார்.

11. கிளாஸ்ல இருக்கும்போதுதான் இதெல்லாம். இன்டர்வெல்ல பிடிச்சா?

நல்ல கேள்வி. அதற்கான விதி ஒன்றுதான்: இருக்கும் இடத்திலிருந்து நேராக மைதானம், வகுப்புக்குத் திரும்பக் கூடாது. மைதானத்தில் ஒவ்வொரு வகுப்பும் நிற்கும் இடம் சுவரில் பெயின்டால் எழுதியிருக்கிறது. எங்கிருந்து வந்தாலும் அங்கே போய் நிற்க வேண்டும். கழிப்பறையில் இருக்கும் பிள்ளைக்கு மணி கேட்காமல் போகலாம். அதனால்தான் ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு ஆயாம்மா கதவு தட்டிப் பார்த்துவிட்டுக் கடைசியாக இறங்குகிறார். இந்த வெள்ளிக்கிழமை ஒத்திகை வகுப்பு நேரத்தில். அடுத்தது முன்கூட்டியே சொல்லாமல் இடைவேளையில் நடக்கும். பெற்றோருக்கு அது முடிந்த பிறகுதான் செய்தி வரும்.

12. பத்தரைக்கு லேட்டா கொண்டுவந்து விட்டா, இல்ல பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா?

இரண்டுக்கும் கேட்டில் இருக்கும் நோட்டில் எழுதாமல் போகாதீர்கள். தாமதமாக வந்த பிள்ளை பதிவேட்டில் லீவாகவே இருந்தால் நிலைமை 5-ஆம் கேள்வியை விட மோசம்: உள்ளே மாட்டினாலும் கணக்கு சரியாக இருப்பதாகத் தெரியும், யாரும் தேட மாட்டார்கள். வாட்ச்மேன் தெரிந்தவர்தானே என்று சொல்லிவிட்டுப் பிள்ளையைக் கூட்டிப்போவது பல வருடப் பழக்கமாக இருக்கிறது. அதை இந்த ஒத்திகையோடு நிறுத்துகிறோம்.

13. கும்பகோணத்துல அத்தனை பிள்ளைக போச்சே. அதைக் கேட்ட பிறகும் பேசாம வெளிய நிக்கச் சொன்னா எப்படி?

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 பிள்ளைகள் இறந்தார்கள். இந்தக் கேள்வியைக் கேட்கிற ஒவ்வொருவருக்கும் அதைக் கேட்கும் உரிமை இருக்கிறது. சமையல் கூடத்தில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்குத் தாவியது. கீழே இறங்குவதற்குக் குறுகலான படிக்கட்டு. பிள்ளைகளுக்கு அன்று இல்லாமல் போனது வெளியே வரும் வழி. வழி இல்லாத கட்டடத்துக்குள் வெளியிலிருந்து நூறு பேர் நுழைந்தாலும் இருக்கும் வழி இன்னும் அடைபடும்.

அதனால் உங்கள் கோபத்தையும் கவலையையும் ஒத்திகைக்கு முந்தைய நாட்களில் எங்கள் பக்கம் திருப்புங்கள் என்று கேட்கிறோம். பள்ளிக்கு வரும்போது பாருங்கள்: இரண்டாவது படிக்கட்டின் கதவு பள்ளி நேரத்தில் பூட்டாமல் இருக்கிறதா? உடைந்த பெஞ்சும் பழைய பேப்பர் கட்டும் படிக்கட்டுக்கு அடியில் கிடக்கின்றனவா? பின்பக்க கேட்டின் சாவி யாரிடம் இருக்கிறது, அவர் லீவென்றால் யாரிடம்? சுவரில் மாட்டிய தீயணைப்பானின் முள் பச்சையில் நிற்கிறதா? சமையலறை சிலிண்டரை மணி அடித்ததும் மூடுவது யார்? தீயணைப்புத் துறையின் சான்று எந்தத் தேதி வரை செல்லும்? இதில் எதைக் கேட்டாலும் அலுவலகத்தில் பதில் சொல்ல வேண்டும். பள்ளிகளில் தீ பாதுகாப்பு ஏற்பாடுகள் இருக்க வேண்டும் என்று கும்பகோணம் விபத்தை ஒட்டி வந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2009-இல் உத்தரவிட்டிருக்கிறது. நாங்கள் தயவு செய்து காட்டுகிற விஷயம் இல்லை இது.

14. மாடி ஜன்னல்ல என் பிள்ளை கத்துறது எனக்குத் தெரியுது. அப்பவுமா உள்ள போகக் கூடாது?

அப்போதும் போகக் கூடாது. தீயில் முதலில் ஆளைச் சாய்ப்பது புகை. அதில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. ஈரத் துண்டை மூக்கில் கட்டினாலும் அதைத் தடுக்காது. நாலு படி ஏறுவதற்குள் தலை சுற்றிக் கால் தளரும். பிறகு உள்ளே காப்பாற்ற வேண்டியவர்கள் இரண்டு பேர், அதில் ஒருவர் தூக்கக் கனமானவர்.

செய்ய வேண்டியது இது. முதலில் கண்ணில் படும் தீயணைப்பு வீரரிடமோ சிவப்புத் தொப்பி போட்ட ஆசிரியரிடமோ போய், "தெற்குப் பக்கம், இரண்டாவது மாடி, இடமிருந்து மூன்றாவது ஜன்னல், ஒரு பிள்ளை" என்று இடத்தைச் சொல்லுங்கள். ஒருவர் அந்த ஜன்னலைக் கைகாட்டியபடியே நிற்கட்டும். ஓடினால் எந்த ஜன்னல் என்பது மறந்துபோகும். பிள்ளையைப் பார்த்துக் குதிக்கச் சொல்லாதீர்கள். "கதவைச் சாத்து, கீழே உட்காரு, ஜன்னல்கிட்டயே இரு, கையை ஆட்டு" என்று சொல்லுங்கள். இறங்க முடியாமல் போனால் கதவைச் சாத்தி, இடுக்கில் துணியையோ பையையோ அடைத்து, ஜன்னலோரம் தாழ்ந்து உட்கார வேண்டும் என்று பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுக்கிறோம். அதையே உங்கள் குரலில் கேட்டால் பிள்ளை செய்யும்.

15. நானும் அவரும் பிரிஞ்சிருக்கோம். அவர் வந்து கேட்டா பிள்ளையைக் கொடுத்துருவீங்களா?

பள்ளிப் பதிவில் பெற்றோர் என்று இருவர் பெயரும் இருந்து, நீதிமன்ற உத்தரவு எதுவும் எங்களிடம் இல்லையென்றால் அவரைத் தடுக்க எங்களுக்கு அதிகாரம் கிடையாது. உத்தரவு இருந்தால் அதன் நகலை முதல்வரிடம் நேரில் கொடுங்கள். அது மேசையில் இருப்பவருக்குத் தெரியும்படி சீட்டில் ஒரு குறி மட்டும் வைப்போம், காரணம் எழுத மாட்டோம். ரோட்டில் நின்று இதைப் பேச வேண்டிய நிலை வராமலிருக்க, ஒத்திகைக்கு முன்பே வந்து சொல்லிவிடுங்கள்.

16. ஒத்திகையில ஏதாவது தப்பு நடந்தா மறைச்சிருவீங்களா?

மறைக்க மாட்டோம். கடைசி வகுப்பு மைதானத்துக்கு வந்த நேரம், எந்தப் படிக்கட்டில் நெரிசல், எந்த வகுப்பின் கணக்கு முதலில் தவறியது, எந்தக் கதவு திறக்கவில்லை என்று எல்லாவற்றையும் இரண்டு ஆசிரியர்கள் கடிகாரத்தோடு நின்று குறிப்பார்கள். திங்கட்கிழமை அது நோட்டீஸ் போர்டிலும் குழுவிலும் வரும். அன்று கேட்டுக்கு வந்து நின்ற பெற்றோர் எத்தனை பேர் என்பதும் அதில் இருக்கும், பெயர் இருக்காது. சீட்டு இன்னும் கொடுக்காதவர்கள் புதன்கிழமை மாலை 4 மணி வரை அலுவலகத்திலும் கொடுக்கலாம்.